சாஃப்ட்னரில் பதிந்த ‘5’: கிரெயினைப் பிபிஎம்மாக மாற்றாமல் விட்டதால் வந்த காரை

நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் கிழக்கே, உணவுத் தொழிற்கூடங்கள் அடுக்கடுக்காக இயங்கும் ஒரு கட்டடத்தில் உள்ள சமையற்கூடம் இது. தமிழர்கள் நடத்துவது. அலுவலகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் தினமும் சாப்பாடு போகிறது. இட்லியும் சோறும் நீராவியில்தான் வேகின்றன. அதற்காக மின்சாரத்தில் இயங்கும் ஒரு நீராவிக் கலன் இருக்கிறது. அதோடு நீராவி அடுப்பு இரண்டும், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றும் உண்டு. இந்த நான்குக்கும் போகும் தண்ணீர், கடினத்தன்மையைப் போக்கும் ஒரே சாஃப்ட்னர் வழியாகப் போகிறது. சமைக்கவும் குடிக்கவும் எடுக்கும் குழாய் அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

சாஃப்ட்னரில் உள்ள ரெசின் 25 லிட்டர். தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசின் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடும். பிடிக்க இடம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை விட்டுக் கழுவினால் ரெசின் பழையபடி வேலைக்கு வரும். இந்தக் கழுவலைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். எப்போது கழுவ வேண்டும் என்பதைத் தலையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, ஓடிய தண்ணீரை அளந்து முடிவு செய்கிறது. அதற்கு மூன்று எண்களைக் கொடுக்க வேண்டும்: ரெசின் எவ்வளவு கடினத்தன்மையைத் தாங்கும், வரும் தண்ணீரில் கடினத்தன்மை எவ்வளவு, கையிருப்பாக எவ்வளவு தண்ணீரை விட்டுவைக்க வேண்டும்.

பொருத்தியவர்கள் பெட்டியை மெட்ரிக் முறையில் அமைத்திருந்தார்கள். கழுவலுக்கு 3 கிலோ உப்பு, அதாவது ஒரு லிட்டர் ரெசினுக்கு 120 கிராம். அந்த அளவு உப்பில் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைத் தாங்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். இந்த எண் சரியாகவே பதியப்பட்டிருந்தது. கையிருப்பு 3 கன மீட்டர். கடினத்தன்மையை மட்டும் அந்த இடத்துத் தண்ணீரைச் சோதித்துப் பதியும்படி சமையற்கூடத்தின் பராமரிப்பாளரிடம் விட்டிருந்தார்கள்.

அவரிடம் சொட்டு முறையில் சோதிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. சிறு குழாயில் குறியிட்ட அளவுவரை தண்ணீர் எடுத்து, நிறம் காட்டும் மருந்தைப் போட்டால் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். பிறகு அளவை மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். எந்தச் சொட்டில் சிவப்பு முற்றிலும் மறைந்து தெளிந்த நீலம் வருகிறதோ அந்த எண்ணிக்கைதான் விடை. இவருக்கு 5 சொட்டு வந்தது. பெட்டியின் மூடியில் ‘ஒரு சொட்டு ஒரு கிரெயின்’ என்று அச்சிட்டிருந்தது, அதாவது ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு கிரெயின் எடையுள்ள கடினத்தன்மை. கட்டுப்பாட்டுப் பெட்டியில் கடினத்தன்மை கேட்ட இடத்தில் அவர் 5 என்று பதிந்தார். அந்த இடம் கேட்டது பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அலகில்.

கவனிக்கப்பட்டவை

முதல் சில வாரங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இட்லி வேகும் நேரம் மெல்ல மெல்லக் கூடியது. 12 நிமிடத்தில் இறங்கிய தட்டுகள் 16 நிமிடம் பிடித்தன. மாவு புளிக்கவில்லை, தட்டில் அதிகம் ஊற்றுகிறார்கள் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து வந்த எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. சோப்பை மாற்றிப் பார்த்தார்கள். பத்தாவது வாரத்தில் நீராவிக் கலனின் வெப்பக் கம்பி சூடு மிகுந்து தானாக அணைந்தது. திறந்து பார்த்தபோது கம்பியைச் சுற்றி முட்டை ஓட்டின் நிறத்தில் கெட்டியான காரை படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

அன்றைய பேச்சில் மிக முக்கியமான தகவல் தற்செயலாக வந்தது. சமையற்கூடத் தலைவர், “அண்ணே, சாஃப்ட்னர் நல்லாத்தானே ஓடுது? உப்பு கூட இன்னும் குறையவே இல்லையே” என்றார். உப்புத் தொட்டியில் பத்து வாரத்துக்கு முன் கொட்டிய உப்பு ஏறத்தாழ அப்படியே இருந்தது. அதை அவர்கள் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது உப்பு குறையவில்லை என்றால் ரெசின் கழுவப்படவில்லை என்பதே பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய அறிகுறி இது.

காரணத்தைத் தேடிய முறை

உப்பு குறையாமல் இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். தொட்டியில் உப்பு மேலே கட்டியாக இறுகி, அடியில் வெற்றிடம் விட்டு நிற்கலாம். பைபாஸ் வால்வு திறந்திருந்தால் தண்ணீர் ரெசினைத் தொடாமலே போகும், அளவியும் ஓடாது. உப்புக் கரைசலை உறிஞ்சும் சிறு துளை அடைத்திருக்கலாம். இவற்றில் எது என்பதை ஊகத்தில் விடாமல் ஒவ்வொன்றாக விலக்கினார்கள்.

துடைப்பக் கட்டையை உப்புக்குள் இறக்கியபோது தடையில்லாமல் அடிவரை சென்றது. உப்பு கட்டிப்படவில்லை. பைபாஸ் வால்வு சரியான நிலையில் இருந்தது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் உள்ள குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சோதித்தபோது இரண்டிலுமே 5 சொட்டு. அதாவது, வருகிற கடினத்தன்மை அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

பிறகு கையாலேயே ஒரு கழுவலைத் தொடங்கினார்கள். உப்புக் கரைசல் இறங்கியது, தொட்டி மறுபடி நிரம்பியது. முடிந்ததும் வெளியேறும் தண்ணீரில் நிறமருந்தைப் போட்டதும், ஒரு சொட்டுகூட விடாமலே, நேராக நீலம் வந்தது. ரெசினும் வால்வும் உறிஞ்சு துளையும் நல்ல நிலையில் இருப்பது இதில் உறுதியானது. பெட்டிக்குத் தன்னால் கழுவ முடிகிறது. கழுவும் நேரம்தான் அதற்குத் தெரியவில்லை. இனிப் பார்க்க வேண்டியது பதிந்த எண்களை மட்டுமே.

கையால் கழுவலைத் தொடங்குமுன் திரையைப் படம் எடுத்து வைத்தது இங்கே உதவியது. அடுத்த கழுவலுக்கு மீதம் 27 கன மீட்டர் என்று அதில் இருந்தது. பத்து வாரத்தில் சுமார் 220 கன மீட்டர் ஓடியிருந்தது: சனிக்கிழமை 4, மற்ற நாட்களில் 3 வீதம் வாரத்துக்கு 22. இரண்டையும் கூட்டினால் 247. கையிருப்பு 3-ஐச் சேர்த்தால் 250. பெட்டி போட்ட கணக்கு இதுதான்:

```
1,250 கிராம் ÷ 5 கிராம்/கன மீட்டர் = 250 கன மீட்டர்
```

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதும் கன மீட்டருக்கு ஒரு கிராம் என்பதும் ஒன்றே. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ பத்து லட்சம் மில்லிகிராம் என்பதால், குடிநீரைப் பொறுத்தவரை பிபிஎம்மும் அதே எண்தான். தண்ணீரில் 5 பிபிஎம்தான் இருக்கிறது என்று பெட்டி நம்பியது. உண்மையில் இருந்ததோ அதைப்போல் 17 மடங்கு. ரெசின் ஐந்தாம் நாளே நிறைந்துவிட்டது. அடுத்த ஒன்பது வாரமும் தண்ணீர் வெறுமனே அதைக் கடந்து போயிருக்கிறது. நீராவிக் கலன் நாளுக்கு 600 லிட்டர் எடுக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குள் போன கடினத்தன்மையைக் கணக்கிட்டால் 3 கிலோவுக்கு மேல் வருகிறது. கொஞ்சம் கழிவுநீரோடு வெளியேறியிருக்கும். மீதி கம்பியில் இருந்தது.

முதல் திருத்தமும் அதில் இருந்த குறையும்

அன்றே இரண்டாவது முறையும் ரெசினைக் கழுவ முடிவு செய்தார்கள். காரணம் உண்டு. 3 கிலோ உப்பு, வழக்கமான சுற்றில் நிறைந்த ரெசினை மீட்கப் போதும். வாரக்கணக்கில் முற்றிலும் நிறைந்து கிடந்த ரெசினை ஒரே கழுவல் முழுதாக மீட்காது. ஆனால் முதல் கழுவல் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கினால் பயன் இல்லை. தொட்டியில் புதிதாக நிரம்பிய 8 லிட்டர் சொச்சம் தண்ணீரில் 3 கிலோ உப்பு கரைய வேண்டும். அதற்கு நான்கு மணி நேரமாவது விட வேண்டும். அதற்கு முன் தொடங்கினால் வெறும் உப்புக்கரிப்புள்ள தண்ணீர்தான் ரெசினுக்குப் போகும். எனவே மாலையில் இரண்டாவது கழுவல் நடந்தது.

அடுத்தது எண்ணைத் திருத்துவது. ஒரு கேலனுக்கு இத்தனை கிரெயின் என்பதை லிட்டருக்கு மில்லிகிராமாக மாற்ற வேண்டும். கிரெயின் எங்கும் ஒன்றுதான்: 64.8 மில்லிகிராம். கேலன் அப்படியல்ல. வந்திருந்த தொழில்நுட்பர் அனுபவசாலி. கேலனுக்கு 4.546 லிட்டர் என்று எடுத்து, ஒரு கிரெயினுக்கு 14.3 பிபிஎம் என்று கணக்கிட்டார். 5 கிரெயினுக்கு 71.5. முழு எண்ணாக 72 என்று பதிந்தார்.

சிங்கப்பூரில் வேலை செய்கிறவர் அப்படி எடுத்தது இயல்பே. இங்கே தண்ணீரைப் பற்றிய பேச்சில் வரும் கேலன் பிரிட்டிஷ் கேலன்தான். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க இடம் தரும் 1962 ஒப்பந்தமும், பொதுப் பயனீட்டுக் கழகம் நாட்டின் அன்றாடத் தேவையை மில்லியன் கேலனில் சொல்வதும் அந்த 4.546 லிட்டர் கேலனில்தான். ஆனால் சோதனைப் பெட்டி அமெரிக்கத் தயாரிப்பு. அதன் கேலன் 3.785 லிட்டர்.

```
அமெரிக்க கேலன்:   64.8 ÷ 3.785 = 17.1 பிபிஎம்
பிரிட்டிஷ் கேலன்: 64.8 ÷ 4.546 = 14.3 பிபிஎம்
```

இந்த வேறுபாடு முதல் பிழையைப்போல் 17 மடங்கு அல்ல, ஆறில் ஒரு பங்குதான். அதனாலேயே இது ஆபத்தானது. பெரிய பிழை ஒரு நாள் கம்பியை அணைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது வாரத்தில் சில மணி நேரம் மட்டும் கடின நீரை விட்டு, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் காரையைச் சேர்த்துக்கொண்டே போகும்.

திருத்திய மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் சோதித்தார்கள், நீலம்தான். முதல் சுற்று முழுவதும் குறை தெரியவில்லை. இரண்டு முறை கழுவியதில் ரெசினுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தாங்குதிறன் கிடைத்திருந்தது. அது பிழையை மறைத்துவிட்டது. பின்னர் வந்த ஒரு சுற்றின் கடைசி நாள் சனிக்கிழமையாக அமைந்தது. அன்று மாலை பாத்திரம் கழுவும் நேரத்தில் பிடித்த தண்ணீர், நிறமருந்து விழுந்ததும் சிவந்தது. நீலமாக 2 சொட்டு தேவைப்பட்டது.

ஏன் அன்று மாலை மட்டும்? பெட்டி இப்படிக் கணக்கிடுகிறது: 1,250-ஐ 72-ஆல் வகுத்தால் 17.4 கன மீட்டர். அதில் கையிருப்பு 3 போக 14.4. ஓடிய தண்ணீர் இந்த 14.4-ஐத் தாண்டிய நாளின் இரவு 2 மணிக்குத்தான் கழுவல். நான்கு நாளில் 12 கன மீட்டர், எல்லையைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் சனியாக இருந்தால் மொத்தம் 16. ரெசின் உண்மையில் நிறைவது 15-ஐ ஒட்டி. ஆகவே ஐந்தாம் நாள் பிற்பகலில் ரெசின் தீர்ந்துவிடுகிறது. இரவு 2 மணி வரை கடின நீர்தான். சனி வராத சுற்றில் மொத்தம் 15, எல்லையிலேயே முடிந்துவிடும். காலையில் மட்டும் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் பிடிபடாது.

எந்த கேலன் என்று தீர்த்த விதம்

இரண்டு கேலனில் எது என்பதை வாதிட்டுத் தீர்க்க முடியாது. அதே தண்ணீரை வேறொரு அலகில் அளந்த விடை ஒன்று வேண்டும். வரும் குழாயிலிருந்து ஒரு புட்டி நிரப்பி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அன்றே, அதே குழாயில், சொட்டுச் சோதனையும் மறுபடி செய்தார்கள். இந்த முறை குழாயில் இரண்டு அளவு தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர் இரட்டித்தால் ஒரு சொட்டுக்கு அரைக் கிரெயின். 10 சொட்டில் நீலம் வந்தது. மீண்டும் 5 கிரெயின்.

இதைச் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொட்டு எண்ணிக்கை மேல் எல்லையைத்தான் காட்டும். ஒற்றை அளவில் ஐந்தாம் சொட்டில் நீலம் வந்தால் உண்மையான அளவு 4-க்கும் 5-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். பிபிஎம்மில் அது 68 முதல் 86 வரை. கேலன் குழப்பத்தின் இரு விடைகளில் ஒன்றான 72-ம் இந்த இடைவெளிக்குள் விழுந்துவிடும், எதுவும் தீராது. இரட்டை அளவில் இடைவெளி 77 முதல் 86 வரை சுருங்குகிறது. சிங்கப்பூரின் குழாய் நீர்போல் கடினத்தன்மை குறைவாக உள்ள நீரில், ஒற்றை அளவுச் சோதனையை நம்பி எண் பதிவது சரியல்ல.

ஆய்வக அறிக்கை வந்தது. மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது, லிட்டருக்கு 84 மில்லிகிராம். அமெரிக்க கேலனில் 77-க்கும் 86-க்கும் இடையே என்ற விடையோடு பொருந்தியது. பிரிட்டிஷ் கேலனில் அதே 10 சொட்டு 64 முதல் 72 வரைதான் தரும், பொருந்தவில்லை. சோதனைப் பெட்டியின் கிரெயின் 17.1 பிபிஎம் என்பது இப்படி உறுதியானது.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு சறுக்கல் நடக்கப் பார்த்தது. அதே தாளில் மேலே கால்சியம் 27, மெக்னீசியம் 4 என்று இருந்தன. 27-ஐக் கடினத்தன்மை என்று ஒருவர் வாசித்தார். அவை அந்தந்தத் தனிமத்தின் எடை. கடினத்தன்மையாக்க கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 67.5-ம் 16.4-ம் சேர்ந்து 84. சாஃப்ட்னரின் தாங்குதிறனும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்லப்படுவதால், பதிய வேண்டிய எண் 84 பக்கத்தில்தான், 27 அல்ல. தாளில் மொத்தக் கடினத்தன்மை தனியாகத் தரப்படவில்லை என்றால் இந்தப் பெருக்கலைச் செய்துகொள்ள வேண்டும்.

இறுதியாகப் பதிந்த எண்களும் காரணமும்

84 என்று பதிந்திருந்தால் அன்றைய தண்ணீருக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் சிங்கப்பூரின் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை. உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வருவது, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர், கடல்நீரிலிருந்து உப்பு நீக்கியது என நான்கு வழிகள். ஒரு குழாயில் வரும் கலவை எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிப் பதிய முடியாது. ஓரளவு மேலே வைக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பதுதான் கேள்வி. அளவுக்கு மீறினால் உப்பும் கழுவும் தண்ணீரும் வீண்.

கடினத்தன்மையை 95 என்றும், கையிருப்பை அதிக வேலையுள்ள நாளின் அளவான 4 கன மீட்டர் என்றும் வைத்தார்கள். கணக்கு: 1,250-ஐ 95-ஆல் வகுத்தால் 13.2, கையிருப்பு போக 9.2 கன மீட்டர். ஞாயிறு முதல் ஓடினால் செவ்வாய் இரவு 9. எல்லைக்குச் சற்றுக் கீழே. புதன் 12 ஆகி எல்லையைத் தாண்டுகிறது. புதன் இரவு கழுவல். வியாழன் 3, வெள்ளி 6, சனி 10. சனி இரவு கழுவல். மறுபடி ஞாயிறு. வாரத்தில் இரண்டு கழுவல். எந்தச் சுற்றிலும் 12 கன மீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. 1,250-ஐ 12-ஆல் வகுத்தால் 104. வரும் தண்ணீர் 104 பிபிஎம் வரை ஏறினாலும் ரெசின் தாங்கும்.

இதற்கான கூடுதல் செலவையும் கணக்கிட்டார்கள். 86 என்று பதிந்து அதே கையிருப்பை வைத்தால் நான்கு நாளுக்கு ஒரு கழுவல் வரும். வாரத்துக்குச் சராசரியாக 1.75 கழுவல், 5¼ கிலோ உப்பு. இப்போது 6 கிலோ. வாரத்துக்கு முக்கால் கிலோ உப்புக்கு இந்தப் பாதுகாப்பு மலிவுதான் என்பது எங்கள் கருத்து. கழுவல் இரவில்தான் நடக்கும் என்பதால் எண்ணைக் கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதும் எல்லா நேரமும் உப்புச் செலவை மாற்றாது. எந்த இரவில் எல்லை தாண்டுகிறது என்பதுதான் மாற்றும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், வாரத்தின் ஒவ்வொரு நாளையும் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதிவது நல்லது.

விளைவு

கம்பியின் காரையைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கரைத்தார்கள். கரையும்போது நுரைத்தது, அதுவே படிந்தது கார்பனேட் என்பதற்குச் சான்று. கம்பியை மாற்ற வேண்டி வரவில்லை. இட்லி 12 நிமிடத்துக்குத் திரும்பியது. தட்டுகளில் திட்டு வருவது நின்றது. பழைய திட்டுகள் போக ஒருமுறை அமிலம் கலந்து கழுவ வேண்டியிருந்தது.

புதன் மாலையும் சனி மாலையும், அதாவது ரெசின் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், சோதித்தார்கள். நான்கு வாரமும் முதல் சொட்டுக்கு முன்பே நீலம். 25 கிலோ உப்பு மூட்டை சரியாக நான்கு வாரம் சற்றுக் கூடுதலாக வந்தது. வாரத்துக்கு 6 கிலோ என்ற கணக்கோடு அது ஒத்துப்போவதால், மூட்டைக் கணக்கே இனி ஒரு காவல்.

மாற்ற வேண்டியவை

சோதனைப் பெட்டியின் மூடியில் இப்போது ‘ஒரு சொட்டு = 17 பிபிஎம்’ என்று அழியாத மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கிரெயின் என்ற சொல்லே அந்தச் சமையற்கூடத்தில் இனித் தேவையில்லை. ஜெர்மன் டிகிரியில் காட்டும் சோதனைத் தாள்களும் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. ஒரு ஜெர்மன் டிகிரி 17.8 பிபிஎம், அமெரிக்கக் கிரெயினுக்கு மிக அருகில் இருப்பதால் இரண்டையும் குழப்பினாலும் கேடு சிறிது. பிரெஞ்சு டிகிரி 10 பிபிஎம். அதைக் குழப்பினால் பாதிக்குப் பாதி தவறும்.

பொருத்துகிறவர்கள் கடினத்தன்மையைத் தங்கள் முன்னிலையிலேயே பதிய வேண்டும். பதிந்ததும் திரை காட்டும் ‘மீதம்’ எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். 25 லிட்டர் ரெசினுக்கு, இந்த ஊர்த் தண்ணீரில், 7-லிருந்து 20 கன மீட்டருக்குள் வந்தால் நம்பலாம். அன்று 247 என்று காட்டியதை யாராவது வாசித்திருந்தால் பிழை அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

எதிர்த் திசைப் பிழையும் இதே சோதனையில் சிக்கும். பெட்டி கிரெயினில் கேட்கும்போது ஆய்வகத்தின் 84-ஐ அப்படியே பதிந்தால், பெட்டி அதை 1,436 பிபிஎம் என்று எடுத்துக்கொள்ளும். மீதம் ஒரு கன மீட்டருக்கும் கீழே வரும்; கையிருப்பைவிடக் குறைவு என்பதால் தினமும் இரவில் கழுவும். தண்ணீர் அருமையாக இருக்கும், காரை துளியும் இருக்காது, ஆனால் 25 கிலோ மூட்டை எட்டு நாளில் தீரும். கிரெயின் கேட்கும் பெட்டிக்கு 84-ஐ 17.1-ஆல் வகுத்து, 5 என்று தர வேண்டும். அப்போது தாங்குதிறனும் கிரெயினில் இருக்க வேண்டும்: 1,250 கிராம் என்பது ஏறத்தாழ 19,300 கிரெயின். தாங்குதிறன், கடினத்தன்மை, தண்ணீரின் அளவு மூன்றும் ஒரே முறையில் இருக்க வேண்டும். பெட்டியில் அலகு முறையை மாற்றினால் பழைய எண்கள் தானாக மாறிவிடும் என்று நம்பாமல் மூன்றையும் திறந்து பார்த்துத் திரும்பப் பதிய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீரை இரட்டை அளவில் சோதிப்பது என்று முடிவாகியிருக்கிறது. 11 சொட்டு வரை இப்போதைய 95 போதும். 12-ஆம் சொட்டில் நீலம் வந்தால், தண்ணீர் 94-க்கும் 103-க்கும் இடையே இருக்கிறது என்று பொருள். ரெசின் தாங்கும் எல்லையான 104-ஐ ஒட்டிவிட்டது. அன்றே பதிவை 105 ஆக்க வேண்டும். அப்போது கையிருப்பு போக மீதம் 7.9 கன மீட்டர். மூன்று நாளுக்கு ஒரு கழுவல் என்று ஆகும். உப்பு மூட்டையும் மூன்றரை வாரத்தில் தீரும்; அதற்கேற்ப முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி கணக்குத் தாளில் குறித்திருக்கிறார்கள்.